வாய் திறக்கும் முன்பே வந்துவிடும் வரிகள்

இயற்பியல் பேராசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கிறார். ஊசலின் அலைவு நேரம் குண்டின் எடையைப் பொறுத்ததில்லை என்று இனிமேல்தான் சொல்லப்போகிறார். திரையின் அடியில் அந்த வரி அதற்குள் வந்து போய்விட்டது. சுட்டிக்காட்டும் விரல் ஒரு குறியீட்டில் இருக்கிறது, எழுத்தோ அடுத்த குறியீட்டைப் பற்றிப் பேசுகிறது. காது கேளாத மாணவர் ஒருவர் இதைப் பார்த்துப் பாடம் படிக்க வேண்டும் என்றால் எப்படி முடியும்?

வேடிக்கை என்னவென்றால், இதே வீடியோவின் தொடக்கத்தில் பிழை இவ்வளவு பெரிதாக இல்லை. போகப் போக விலகல் கூடுகிறது.

சப்டைட்டில் கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். வரிசை எண், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், பிறகு பேச்சு, கடைசியில் ஒரு வெற்று வரி. அவ்வளவுதான் அதன் இலக்கணம்.

```
412
00:51:40,000 --> 00:51:44,200
ஆக, அலைவு நேரம்
குண்டின் எடையைப் பொறுத்ததில்லை.
```

காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பவை மில்லி விநாடிகள். விரிவுரையைக் கேட்டுக் கேட்டு, மூச்சு விடும் இடத்தில் அல்ல, பொருள் முடியும் இடத்தில் வெட்டி, ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் போகாமல் எழுதுவது வழக்கம். சேமிக்கும்போது UTF-8 என்று இருக்கிறதா என்று பார்க்காவிட்டால் தமிழ் எழுத்துக்கள் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும்.

இனி அந்த விலகலுக்கு வருவோம். மேலே சொன்ன வீடியோவில் சப்டைட்டில் எழுதியவர், எடிட்டிங் திரையில் ஓடிய டைம்கோடைப் பார்த்து நேரங்களைக் குறித்துக்கொண்டார். அந்தக் கேமரா விநாடிக்கு 29.97 படச்சட்டங்களைப் பதிவு செய்யும் வகை. அமெரிக்காவில் 1953-இல் வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுத்த தரத்திலிருந்து வந்த எண் அது. டைம்கோடோ 30 சட்டங்களை எண்ணிய பிறகே ஒரு விநாடி என்று கணக்கு வைக்கிறது. ஆகவே அது சற்றே மெதுவாக ஓடும் கடிகாரம். ஒரு மணி நேரத்துக்கு 3.6 விநாடி பின்தங்கும். இதைச் சரிக்கட்டச் சில எண்களைத் தாண்டிச் செல்லும் ‘டிராப் ஃபிரேம்’ முறை உண்டு. இங்கே அது இயக்கப்படவில்லை. போதாக்குறைக்கு, வேலை முடிந்த பிறகு வீடியோவின் முன்னால் கல்லூரிச் சின்னத்தையும் ஒட்டியிருக்கிறார்கள்.

திருத்துவதற்கு இரண்டு இடங்களை அளந்தால் போதும். கோப்பில் 1 நிமிடம் 40 விநாடியில் இருக்கும் வரி, வீடியோவில் 1:42-இல் பேசப்படுகிறது. விலகல் 2 விநாடி. கோப்பில் 51:40-இல் உள்ள வரியின் குரல் 51:45-இல் கேட்கிறது. விலகல் 5 விநாடி. எல்லா வரிகளையும் 2 விநாடி தள்ளினால் தொடக்கம் சரியாகும், கடைசி சரியாகாது. இங்கேதான் பலர் மணிக்கணக்கில் ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டிருப்பார்கள்.

அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே கோப்பில் 3000 விநாடி, வீடியோவில் 3003 விநாடி. வகுத்தால் 1.001. இந்த எண்ணைக் கண்டாலே 30-க்கும் 29.97-க்கும் உள்ள சண்டை என்று துறையில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். முதல் வரியின் 100 விநாடியை 1.001-ஆல் பெருக்கினால் 100.1, வர வேண்டியது 102. மிச்சம் 1.9 விநாடி, முன்னால் ஒட்டிய சின்னத்தின் நீளம்.

```
புதிய நேரம் = பழைய நேரம் × 1.001 + 1.9
```

இலவசமாகக் கிடைக்கும் Subtitle Edit மென்பொருளில் Point sync என்ற வசதி இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறது. முன்பக்கத்தில் ஒரு வரி, பின்பக்கத்தில் ஒரு வரி, இரண்டுக்கும் குரல் உண்மையில் கேட்கும் நேரத்தைக் கொடுத்தால் மற்றவை எல்லாம் அதற்கேற்ப நகரும்.

ஆனால் நடுவில் ஒரு வரியைப் பார்க்காமல் கோப்பை மூடக் கூடாது. நம் கணக்குப்படி 26:40-இல் இருந்த வரி 26:43.5-க்கு வர வேண்டும். அங்கே குரலோடு பொருந்தினால் வேலை முடிந்தது.

பொருந்தவில்லை என்றால் நோய் வேறு. எழுதி முடித்த பிறகு யாரோ வீடியோவின் நடுவில் வெட்டியிருப்பார்கள்; மைக் மாற்றிய அரை நிமிடமாக இருக்கலாம், மின்சாரம் போன நேரமாக இருக்கலாம். அப்போது விலகல் மெல்ல வளராது, ஒரே வரியில் குதிக்கும். பெருக்கல் அங்கே உதவாது. நன்றாக இருக்கும் வரிகளையும் கெடுத்துவிடும். செய்த மாற்றத்தை ரத்து செய்துவிட்டு, பத்துப் பத்து நிமிடமாகத் தாவி விலகலை அளந்து, குதித்த இடத்தைப் பிடிக்க வேண்டும். வெட்டிப்போன பேச்சுக்கு உரிய வரிகளை அழித்து, அதற்குப் பின்னால் உள்ளவற்றை மட்டும் முன்னால் இழுக்க வேண்டும்.