வீட்டுக் கடன் தவணை ஏன் மாறுகிறது?

வங்கியில் கடன் வாங்கி வீடு கட்டிய பலருக்கு 2022ஆம் ஆண்டில் ஒரு கடிதமோ குறுஞ்செய்தியோ வந்தது. கடனுக்கான வட்டி உயர்ந்துவிட்டது என்பதே அதன் சாரம். கடன் வாங்கியவர் புதிதாக ஒரு காசும் வாங்கவில்லை. பின் வட்டி ஏன் உயர்ந்தது?

நமக்குப் பணம் தேவைப்பட்டால் வங்கிக்குப் போகிறோம். வங்கிக்கே சில நாட்களுக்குப் பணம் தேவைப்பட்டால்? அது ரிசர்வ் வங்கிக்குப் போகிறது. தன்னிடமுள்ள அரசுக் கடன் பத்திரங்களைக் கொடுத்துப் பணம் பெறுகிறது. குறித்த நாளில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பத்திரங்களை மீட்டுக்கொள்கிறது. இதற்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டியே ரெப்போ வட்டி.

வங்கி நம்மிடம் வாங்கும் வட்டி இதைவிடக் கூடுதலாக இருக்கும். அலுவலகச் செலவு, கடன் திரும்பி வராமல் போகும் அபாயம், லாபம் ஆகியவற்றுக்காக வங்கி சில சதவிகிதத்தைச் சேர்த்துக்கொள்கிறது. முன்பெல்லாம் ரெப்போ மாறினாலும் கடன் வட்டி மெதுவாகவே மாறியது. வங்கியின் பணத்தில் பெரும்பகுதி மக்களின் வைப்புத் தொகை அல்லவா? அதன் வட்டி உடனே மாறுவதில்லை. ஆனால் 2019 அக்டோபர் முதல், வங்கிகள் மாறும் வட்டியில் தரும் புதிய வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலுடன் இணைக்க வேண்டும் என்ற விதி வந்தது. மூன்று மாதத்திற்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்தவும் வேண்டும். நிலையான வட்டிக் கடனுக்கு இது பொருந்தாது.

விலைவாசி ஏற்றத்தைக் கட்டுப்படுத்த, 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ஆறு தடவைகளில் ரெப்போ வட்டி 4 சதவிகிதத்திலிருந்து 6.5 ஆக உயர்த்தப்பட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடன் 10 லட்சம் ரூபாய். காலம் 20 ஆண்டு. வங்கி சேர்ப்பது 3 சதவிகிதம் என்று கொள்வோம். ரெப்போ 4 ஆக இருக்கும்போது கடன் வட்டி 7 சதவிகிதம். மாதத் தவணை 7,753 ரூபாய். முதல் மாதத்தில் இதில் 5,833 ரூபாய் வட்டிக்கே போய்விடும். மீதி 1,920 மட்டுமே அசலில் கழியும்.

ரெப்போ 6.5 ஆனதும் கடன் வட்டி 9.5 சதவிகிதம். எளிமைக்காக, பாக்கி அதே 10 லட்சம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாத வட்டி மட்டும் 7,917 ரூபாய். பழைய தவணை அந்த வட்டிக்கே போதவில்லை! குறையும் 164 ரூபாய் கடனோடு சேர்ந்துவிடும். மாதந்தோறும் கட்டியும் கடன் வளரும். எத்தனை ஆண்டு நீட்டினாலும் தீராது. 20 ஆண்டில் தீர வேண்டுமானால் தவணை 9,321 ரூபாய் ஆக வேண்டும்.

இப்படிக் கடன் வளர்ந்துவிடக் கூடாது என்றும், தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்றும் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது.

உங்கள் வீட்டில் கடன் இருந்தால் கணக்கு அறிக்கையை வாங்கிப் பாருங்கள். மாதந்தோறும் அசல் பாக்கி குறைகிறதா? தவணை மாறாமல் இருந்தாலும், அந்த ஒரு வரிசை உண்மையைச் சொல்லிவிடும்.