வேற்றுமை உருபு ஒட்டாத இடம்

கணினியில் ஒரு கோப்பை நீக்கப் பார்க்கிறோம், முடியவில்லை. திரையில் ஒரு செய்தி வருகிறது. அதைத் தமிழில் எழுதியவருக்கு நாம் நீக்கப்போகும் கோப்பின் பெயர் தெரிந்திருக்காது. பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்ட ஒரு வரிதான் அவர் கையில் இருந்திருக்கும்.

மென்பொருளையும் அதன் கையேடுகளையும் தமிழாக்கும் மூன்று நான்கு பேர் தங்களுக்கென்று ஒரு நடைக்கையேடு எழுத உட்கார்ந்தால், பெரும்பாலும் கலைச்சொல் பட்டியலில்தான் முதலில் கைவைப்பார்கள். என்னைக் கேட்டால், அந்தக் காலியிடத்தில் தொடங்கவேண்டும். கலைச்சொல் பிடிக்காவிட்டால் வாசகர் முகம் சுளிப்பார். காலியிடம் பிசகினால் செய்தியே பொய்யாகிவிடும்.

திறமூல மென்பொருள்களில் பரவலாகப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் முறையில் ஆங்கில வரியும் தமிழ் வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்:

```
msgid "Cannot delete %s from %s"
msgstr "%s-இலிருந்து %s-ஐ நீக்க முடியவில்லை"
```

`%s` என்பதுதான் காலியிடம். ஆங்கிலத்தில் முதலில் கோப்பின் பெயர், பிறகு அது இருக்கும் கோப்புறையின் பெயர். தமிழில் கோப்புறையை முதலில் சொல்வதுதான் இயல்பு. நிரலுக்கு அது தெரியாது; தன் கையில் முதலில் இருக்கும் கோப்புப் பெயரை முதல் காலியிடத்தில் போட்டுவிடும். "கணக்கு.txt-இலிருந்து ஆவணங்கள்-ஐ நீக்க முடியவில்லை" என்று திரையில் வரும். ஒரு கோப்பை நீக்கப்போனவர், முழுக் கோப்புறையையும் அழிக்கப் பார்த்தோமோ என்று பதறிப்போவார்.

இந்தப் பிழையைச் சோதனைக் கருவி காட்டிக்கொடுக்காது. `msgfmt -c` கட்டளை காலியிடங்களின் எண்ணிக்கையும் வகையும் ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்க்கும். இங்கே இரண்டும் சரியாகவே இருக்கின்றன. யாராவது நிரலை ஓட்டி, அந்தச் செய்தியை வரவழைத்துப் படித்தால்தான் தெரியும். ஆகவே நடைக்கையேட்டின் முதல் விதி: ஒரு வரியில் ஒரே வகைக் காலியிடம் இரண்டு இருந்து, தமிழில் வரிசை மாறுமானால், இரண்டுக்கும் எண் கொடுக்கவேண்டும்.

```
msgstr "%2$s கோப்புறையிலிருந்து %1$s கோப்பை நீக்க முடியவில்லை"
```

இதில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. வேற்றுமை உருபு காலியிடத்தை விட்டு விலகி, பின்னால் வரும் பெயர்ச்சொல்லில் ஏறிக்கொண்டது. தமிழில் உருபு ஏறும்போது சொல் உருமாறும். மரம் மரத்தை ஆகும், வீடு வீட்டை ஆகும். காலியிடத்தில் வந்து விழும் பெயர் எப்படி முடியும் என்று நமக்குத் தெரியாது. "மரம்-ஐ" என்று கோடு போட்டு ஒட்டுவது எழுதுபவருக்கு வசதி, படிப்பவருக்கு இடறல். 'கோப்பு', 'கோப்புறை', 'பயனர்' என்று ஒரு பெயர்ச்சொல்லைப் பின்னால் நிறுத்திவிட்டால் உருபும் சந்தியும் அதில் சரியாக அமையும்.

ஆனால் அங்கே வருவது கோப்பா கோப்புறையா என்றே தெரியாத வரிகளும் உண்டு. அப்போது தவறான பெயர்ச்சொல்லைப் போடுவதைவிட வாக்கியத்தை முடித்துவிட்டுப் பெயரைத் தனியே வைப்பது நல்லது: "நீக்க முடியவில்லை: %s". கொஞ்சம் வறட்சியான நடைதான். எந்தப் பெயர் வந்தாலும் பிழையாகாது என்பதால் நான் இதன் பக்கமே நிற்பேன்.

ஆட்களின் பெயர் வரும் இடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. "%s இணைந்தார்" என்று எழுதினால் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது, மரியாதையும் குறையாது. எண் வரும் இடத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனி வரி எழுதக் கெட்டெக்ஸ்ட் இடம் தருகிறது. பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு வினையை மறந்துவிடக்கூடாது. 1 கோப்பு நீக்கப்பட்டது, 5 கோப்புகள் நீக்கப்பட்டன.

பொத்தான்களுக்கு 'சேமி', கையேட்டு வாக்கியங்களுக்கு 'அழுத்தவும்' என்று குழு ஒருமுறை முடிவுசெய்து எழுதிவைத்தால் போதும்.

ஒவ்வொரு விதியையும் மேலே கண்டதுபோல் ஒரு தவறான வரி, திருத்திய வரி, காரணம் என்று மூன்றாக எழுதவேண்டும். காரணம் இல்லாத விதியைப் புதிதாக வருபவர் ஒரு மாதத்தில் மீறுவார். அவரைக் குறைசொல்லவும் முடியாது.

எந்த விதியாலும் சரிசெய்ய முடியாத வரிகளும் வரும். சில நிரலாளர்கள் "Delete", "from" என்று வாக்கியத்தைத் துண்டுபோட்டு, நடுவில் பெயர்களைச் செருகி ஒட்டுவார்கள். துண்டுகளின் வரிசை நிரலிலேயே இறுகிவிடுவதால் மொழிபெயர்ப்பாளரால் அதைத் திருப்ப முடியாது. அத்தகைய வரியைச் சமாளித்து எழுதாமல், முழு வாக்கியமாக மாற்றித் தரும்படி நிரலாளரிடம் கேட்கவேண்டும் என்பதும், அந்தக் கோரிக்கையை அனுப்புவது குழுவில் யார் பொறுப்பு என்பதும் கையேட்டில் இருக்கவேண்டும்.