முதல் மூன்று வாக்கியங்கள்

வெளிநாட்டில் படிக்கவோ, செவிலியராகப் பணியாற்றவோ விரும்பி ஐஇஎல்டிஎஸ் தேர்வு எழுதுபவர்கள் அதிகம் அஞ்சுவது எழுத்துத் தேர்வின் இரண்டாம் பகுதிக்குத்தான். ஒரு கருத்தைக் கொடுத்து, அதைப் பற்றிக் குறைந்தது 250 சொற்களில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். எழுத்துத் தேர்வுக்கு மொத்தம் 60 நிமிடம். அதில் 40 நிமிடத்தை இந்தக் கட்டுரைக்கு ஒதுக்கும்படி வினாத்தாளே சொல்கிறது. முதல் பகுதியைவிட இதற்கு இரு மடங்கு மதிப்பு உண்டு.

இந்த 40 நிமிடத்தில் பலர் தடுமாறுவது தொடக்கப் பத்தியில். ஆங்கிலம் தெரியாததால் வரும் தடுமாற்றம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு: என்ன சொல்லப் போகிறோம் என்று முடிவு செய்வதற்கு முன்பே பேனாவை எடுத்துவிடுகிறார்கள். முடிவு கையில் இல்லாதபோது, மனப்பாடம் செய்த வாக்கியங்கள் தாமாக வந்து விழுகின்றன.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். இது அந்தத் தேர்வில் வரும் வகையைச் சேர்ந்த மாதிரிக் கேள்வி. “நகர மையங்களுக்குள் சொந்தக் கார்கள் வருவதை முற்றிலும் தடை செய்ய வேண்டும் என்று சிலர் கூறுகிறார்கள். இக்கருத்தை நீங்கள் எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?” தேர்வில் எழுத வேண்டியது ஆங்கிலத்தில்தான் என்றாலும், அமைப்பு புரிவதற்காக எல்லாவற்றையும் இங்கே தமிழிலேயே தருகிறேன்.

வழக்கமாக வரும் தொடக்கம் இப்படி இருக்கும்: “இன்றைய நவீன உலகில் போக்குவரத்து மனித வாழ்வில் மிக முக்கியப் பங்கு வகிக்கிறது. வாகனங்களால் நன்மைகளும் உண்டு, தீமைகளும் உண்டு. இந்தக் கட்டுரையில் இரண்டையும் அலசி, இறுதியில் என் கருத்தைக் கூறுகிறேன்.”

இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் கேள்வியை மறைத்துக்கொண்டு இதை மட்டும் படித்தால், கேட்கப்பட்டது கார் தடை பற்றியா, சாலை விபத்து பற்றியா, பெட்ரோல் விலை பற்றியா என்று சொல்ல முடியாது. கேள்வி, ‘எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்’ என்கிறது. பதிலோ நன்மை தீமைகளைப் பட்டியலிடக் கிளம்பிவிட்டது. கருத்தைக் கடைசிக்கு ஒத்திவைத்தது இன்னொரு இழப்பு. கேள்விக்குத் தரும் பதில், கருத்துகளின் ஒழுங்கும் தொடர்பும், சொல்வளம், இலக்கணம் ஆகிய நான்கையும் சம அளவில் மதிப்பிடுகிறார்கள். இவற்றில் முதலாவதற்கு நல்ல மதிப்பெண் வேண்டுமானால் எழுதுபவரின் நிலைப்பாடு கட்டுரை நெடுகத் தெளிவாகத் தெரிய வேண்டும். கடைசி இரண்டு வரியில் அது திடீரென்று எட்டிப் பார்த்தால் போதாது.

சரி, எப்படித் தொடங்குவது? முதல் ஐந்து நிமிடம் கட்டுரையை எழுதாமல் கேள்வியைப் படியுங்கள். இங்கே கவனிக்க வேண்டிய சொற்கள் ‘சொந்த’, ‘முற்றிலும்’ என்ற இரண்டு. ‘முற்றிலும்’ என்ற சொல்தான் விவாதத்துக்கு இடம் தருகிறது. தடையே வேண்டாம் என்பதற்கும் முழுத் தடை வேண்டும் என்பதற்கும் நடுவே, எப்போது, யாருக்கு, எவ்வளவு நேரம் என்று பல நிலைகள் இருக்கின்றன. அவற்றில் உங்களால் இரண்டு காரணம் சொல்லி நிறுவ முடிந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் உள்மனத்தின் உண்மையான கருத்து எது என்று தேடிக்கொண்டிருக்க இது நேரமில்லை. எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. அதை எப்படித் தாங்கிப் பிடிக்கிறீர்கள் என்பதற்குத்தான் உண்டு.

ஒரு மாணவி இப்படி முடிவு செய்வதாக வைத்துக்கொள்வோம்: பகலில் தடை சரி, இரவில் வேண்டாம். காரணங்களைக் குறிக்கிறார். ஒன்று, பகலில் கார்கள் பேருந்துகளை மறிக்கின்றன. இரண்டு, இரவில் கடைகளுக்குச் சரக்கு வண்டிகள் வந்தாக வேண்டும். இரண்டும் கேட்க நன்றாக இருக்கின்றன. ஆனால் தொடக்கப் பத்திக்காக இவற்றை ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதும்போது இரண்டாவது காரணம் இடறுகிறது. கேள்வி சொந்தக் கார்களைப் பற்றியது. சரக்கு வண்டிக்கு அதில் இடமே இல்லை. அவர் அதை அடித்துவிட்டு, இரவில் பேருந்துகள் குறைந்துவிடும் என்பதை எடுத்துக்கொள்கிறார். திட்டத்தை முதலிலேயே எழுதிப் பார்ப்பதன் பெரும் பயன் இதுதான். திருத்துபவருக்கு வழிகாட்டும் முன்பே, அது எழுதுபவரைக் காப்பாற்றிவிடுகிறது. இல்லாவிட்டால் அந்தச் சரக்கு வண்டிக்காக ஒரு முழுப் பத்தியும் பத்து நிமிடமும் வீணாகியிருக்கும்.

இப்போது அவர் எழுதும் தொடக்கம்: “நகர மையத்துக்குள் சொந்தக் கார்களை அறவே அனுமதிக்கக் கூடாது என்ற கருத்து முன்வைக்கப்படுகிறது. அலுவலக நேரத்தில் தடை விதிப்பதை நான் ஆதரித்தாலும், நாள் முழுவதும் தடுப்பதை ஏற்கவில்லை. பகலில் கார்கள் கூட்டம் நிறைந்த பேருந்துகளை மறிக்கின்றன; பேருந்துகள் குறைந்துவிடும் இரவிலோ, அங்கே குடியிருப்போருக்கும் பின்னிரவுப் பணி முடிந்து திரும்புவோருக்கும் வேறு வழியில்லை.”

மூன்றே வாக்கியம். ஆங்கிலத்தில் 50, 60 சொற்களுக்குள் அடங்கிவிடும். முதல் வாக்கியம் கேள்வியைச் சொல்கிறது, இரண்டாவது நிலைப்பாட்டை. மூன்றாவது வாக்கியத்தின் இரு பாதிகளும் அடுத்து வரும் இரண்டு பத்திகளுக்கான திட்டம். ‘முதலில் நன்மைகளையும் பிறகு தீமைகளையும் விவாதிப்பேன்’ என்ற அறிவிப்பு எதுவும் இல்லை. அப்படி அறிவிப்பது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாக்கியம் எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் என்பதால் இந்தக் கட்டுரையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. காரணத்தையே சொல்லிவிட்டால் அதுவே திட்டமாகிவிடுகிறது.

முதல் வாக்கியத்தில் ஒரு குழி உண்டு. கேள்வியின் வாக்கியத்தை அப்படியே பெயர்த்தெழுதக் கூடாது என்று பயிற்சி மையங்களில் சொல்வார்கள். அது சரியான அறிவுரை. அதற்காக ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச் சொல் தேடினால் பொருளே மாறிவிடும். ‘சொந்தக் கார்’ என்பதை ‘வாகனம்’ என்று மாற்றினால் பேருந்தும் ஆம்புலன்ஸும் உள்ளே வந்துவிடுகின்றன. பிறகு யாருமே கேட்காத ஒன்றுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். கேள்வியின் மையச் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, வாக்கிய அமைப்பை மட்டும் மாற்றினால் போதும்.

‘இரு தரப்பையும் விவாதித்து உங்கள் கருத்தையும் கூறுக’ என்ற வகைக் கேள்வியில் சின்ன மாற்றம் வேண்டும். இரு தரப்பையும் ஒரே வாக்கியத்தில் சொல்லி, அடுத்த வாக்கியத்திலேயே நீங்கள் எந்தப் பக்கம், ஏன் என்று சொல்லிவிடுங்கள். இங்கேயும் கருத்தைக் கடைசி வரை ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

எழுதிக்கொண்டே போகும்போது இரண்டாவது காரணத்தைவிட நல்ல காரணம் தோன்றுவது உண்டு. தாராளமாக மாற்றுங்கள், ஆனால் தொடக்கத்துக்குத் திரும்பிப்போய் அந்த ஒரு பாதி வாக்கியத்தையும் மாற்றிவிடுங்கள். தாளில் எழுதினால் ஒரு கோடு கிழித்து மேலே எழுதலாம். கணினியில் இன்னும் எளிது. கடைசி இரண்டு நிமிடத்தில் தொடக்கத்தையும் முடிவையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஒன்றில் பகல் தடை என்றும் மற்றொன்றில் முழுத் தடை என்றும் இருந்தால் திருத்துபவர் கண்ணில் நிச்சயம் படும்.

இதற்குப் பயிற்சி செய்ய முழுக் கட்டுரைகளை எழுதிக் குவிக்க வேண்டாம். பழைய கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எட்டு நிமிடம் வைத்துத் தொடக்கப் பத்தியை மட்டும் எழுதுங்கள். கேள்வியை மறைத்துவிட்டு அதை வீட்டில் யாரிடமாவது கொடுங்கள். ஆங்கிலம் படிக்காதவர் என்றால் தமிழில் சொல்லுங்கள். என்ன கேள்வி கேட்டிருப்பார்கள், அடுத்த இரண்டு பத்திகளில் என்ன வரும் என்று அவரைக் கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லையென்றால், அந்தப் பத்தியைத் திரும்ப எழுதுங்கள்.