புனேயில் இரவு, சியாட்டிலில் காலை: வாராந்திர காணொலி அழைப்பின் சுமையை இரு தரப்பும் பகிர்வது எப்படி?

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள நிறுவனங்களுக்காக புனே, பெங்களூரு, ஹைதராபாத், நொய்டா நகரங்களில் மென்பொருள் பணி செய்யும் குழுக்களுக்கு வாராந்திர ஆலோசனை அழைப்பு என்பது பெரும்பாலும் இரவு வேலையாகவே இருக்கிறது. வாடிக்கையாளர் தரப்பு தனது காலை 9 மணியைக் குறித்து அழைப்பை அனுப்பிவிடுகிறது. சியாட்டிலில் காலை 9 மணி என்றால் இந்தியாவில் கோடையில் இரவு 9.30 மணி, குளிர்காலத்தில் இரவு 10.30 மணி. பணம் தருபவர் ஒரு தரப்பு என்பதால் இந்த ஏற்பாடு கேள்வியின்றி ஏற்கப்படுகிறது. ஆனால், கணக்கிட்டுப் பார்த்தால் இரு தரப்புக்குமே இதைவிடக் குறைந்த சுமை உள்ள நேரம் ஒன்று இருப்பது தெரியவரும்.

புனேயில் உள்ள ஒப்பந்தக் குழுவையும் சியாட்டிலில் உள்ள வாடிக்கையாளர் குழுவையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இரு இடங்களிலும் அலுவலக நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. இந்தியா ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. அமெரிக்காவிலோ மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னோக்கி வைக்கப்படுகிறது. எனவே, இரு நகரங்களுக்கும் இடையிலான வித்தியாசம் கோடையில் பன்னிரண்டரை மணி நேரம். குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம். இரு அலுவலக நேரங்களும் எந்தப் பருவத்திலும் ஒரு நிமிடம்கூட ஒன்றின்மேல் ஒன்று படிவதில்லை. யாராவது ஒருவர் அலுவலக நேரத்துக்கு வெளியே வந்தே ஆக வேண்டும்.

எந்தப் பக்கம் வெளியே வருவது என்பதில்தான் வேறுபாடு உள்ளது. ஒரு நாளில் இரு இடைவெளிகள் உண்டு. புனேயில் அலுவலகம் முடிந்து சியாட்டிலில் தொடங்கும் வரையிலான இடைவெளி கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நான்கரை மணி நேரம். சியாட்டிலில் அலுவலகம் முடிந்து மறுநாள் காலை புனேயில் தொடங்கும் வரையிலான இடைவெளியோ கோடையில் இரண்டரை மணி நேரம், குளிர்காலத்தில் ஒன்றரை மணி நேரம் மட்டுமே. வழக்கமான இரவு அழைப்பு, இவற்றில் பெரிய இடைவெளியைத் தேர்ந்தெடுத்து, அதை முழுவதுமாக இந்தியத் தரப்பின் தலையில் வைக்கிறது. சிறிய இடைவெளிக்கு மாறினாலே பகிர வேண்டிய சுமை கோடையில் ஒரு மணி நேரமும் குளிர்காலத்தில் மூன்று மணி நேரமும் குறைந்துவிடுகிறது.

அடுத்தது பங்கீடு. சியாட்டில் தரப்பின் சுமையை மாலை 6 மணி முதல் அழைப்பு முடியும் வரையும், புனே தரப்பின் சுமையை அழைப்பு தொடங்கும் நேரம் முதல் காலை 9 மணி வரையும் அளக்கலாம். தொடங்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தவறிவிடும். அழைப்பின் நீளமும் யாரோ ஒருவரின் சொந்த நேரத்திலிருந்துதான் வருகிறது.

அழைப்பு அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் சியாட்டிலில் செவ்வாய் மாலை 6.30, புனேயில் புதன் காலை 8 மணி என வைத்தால், இரு தரப்புக்கும் சரியாக ஒரு மணி நேரச் சுமை. சுழற்சியே தேவையில்லை. கோடை வந்ததும் இடைவெளி ஒரு மணி நேரம் கூடுகிறது. அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தை ஒரு வாரம் ஒருவரும் மறுவாரம் மற்றவரும் சுமக்கலாம். ஒரு வாரம் சியாட்டிலில் மாலை 7.30, புனேயில் காலை 8. அடுத்த வாரம் சியாட்டிலில் மாலை 6.30, புனேயில் காலை 7. கடினமான முறை வருபவருக்கு இரண்டு மணி நேரம், மற்றவருக்கு ஒரு மணி நேரம். 2026-இல் மார்ச் 10 முதல் அக்டோபர் 27 வரை 34 செவ்வாய்க்கிழமைகள் வருகின்றன, ஆளுக்குப் பதினேழு.

திங்கள்கிழமையைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க அரசு விடுமுறைகளில் பல திங்கள்கிழமையில் வருபவை. இந்தியாவின் திங்கள் காலையோ அங்கு ஞாயிறு மாலை. வெள்ளிக்கிழமை மாலை அங்கு அழைத்தால், இங்கு சனிக்கிழமை விடிந்திருக்கும்.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் குலைவது நாள்காட்டிச் செயலியில்தான். தொடர் அழைப்பு எந்த நேர மண்டலத்தில் பதிவாகிறதோ, அந்த ஊரின் கடிகாரமே நிலையாக நிற்கும். `America/Los_Angeles` எனப் பதிவு செய்தால் மார்ச்சில் புனே தரப்புக்கு அழைப்பு ஒரு மணி நேரம் முன்னதாக வரும். `Asia/Kolkata` எனப் பதிவு செய்தால் சியாட்டில் தரப்புக்கு ஒரு மணி நேரம் தாமதமாகும். யார் அழைப்பை உருவாக்கினாரோ அவரது மண்டலத்தையே செயலி பொதுவாக எடுத்துக்கொள்வதால், யாரும் முடிவெடுக்காமலே சுமை ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. இதைத் தவிர்க்க, குளிர்காலத்துக்கு வாராந்திரத் தொடர் ஒன்றும், கோடைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் தொடர்கள் இரண்டும் தனித்தனியே உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் முடிவுத் தேதி இட வேண்டும். தலைப்பிலேயே இரு ஊர்களின் கிழமையையும் எழுதுவது நல்லது. "செவ்வாய் அழைப்பு" என்று மட்டும் சொன்னால் யாருடைய செவ்வாய் என்ற குழப்பம் நிச்சயம் வரும்.

காலை 7 மணிக்கு முன்பு செல்லாததற்கும் இரவு அழைப்பைத் தவிர்ப்பதற்கும் சட்டம் சார்ந்த காரணமும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் 2017-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்படி, இரவு 9.30 முதல் காலை 7 மணி வரை பெண்களைப் பணியில் ஈடுபடுத்த அவர்களது சம்மதம் தேவை. பாதுகாப்பு, வீடு வரை போக்குவரத்து உள்ளிட்ட ஏற்பாடுகளும் தேவை. சியாட்டிலின் காலை 9 மணி அழைப்பு ஆண்டு முழுவதும் இந்த வரம்புக்குள்தான் விழுகிறது. மற்ற மாநிலங்களில் விதிகளும் நேர வரம்பும் வேறுபடும் என்பதால், அந்தந்த ஊருக்கு ஏற்பச் சரிபார்க்க வேண்டும்.

காலை 7 மணி அழைப்பை அலுவலகத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், பயண நேரமும் சேர்ந்து கணக்கு பொய்யாகிவிடும். அது வீட்டிலிருந்தே பேசும் அழைப்பாக இருக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் சிரமமே. புனே குழுவில் பெரும்பாலோர் காலையைவிட மாலையே மேல் என்று சொன்னால், கோடையில் சியாட்டிலில் காலை 7, புனேயில் மாலை 7.30 என வைக்கலாம். மொத்தச் சுமை மூன்று மணி நேரத்திலிருந்து நான்காக உயரும். ஆயினும் விரும்பி ஏற்ற நான்கு மணி நேரம், திணிக்கப்பட்ட மூன்றைவிட எளிதாகக் கழியக்கூடும். நேரத்தைக் குறிக்கும் முன் இரு குழுக்களிடமும் முடியவே முடியாத நேரம் எது என்று கேட்டுவிடுவது இதற்காகத்தான்.

முறை வைத்துச் சுழற்றுவதை வாரக் கணக்கில் அல்லாமல், நடந்த அழைப்புகளின் கணக்கில் வைப்பது முக்கியம். சியாட்டிலுக்குக் கடினமான வாரத்தில் அழைப்பு ரத்தானால், அடுத்து நடக்கும் அழைப்பும் அவர்களுக்குக் கடினமான நேரத்திலேயே நடக்க வேண்டும். இல்லையெனில், ஒரு தரப்பின் முறை வரும்போது மட்டும் "இந்த வாரம் பேச ஒன்றுமில்லை" என்ற செய்தி வரத் தொடங்கும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு நேரத்திலும் எத்தனை அழைப்புகள் நடந்தன, யார் வரவில்லை என்று எண்ணிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். காலை 7 மணி அழைப்புகளில் எப்போதும் அதே இருவர் இல்லை என்றால், அந்த அழைப்புகளில் எடுத்த முடிவுகளை எழுத்தில் அனுப்பி, ஒரு நாள் அவகாசம் தந்த பிறகே உறுதி செய்ய வேண்டும்.