சஹரில் தொடங்கட்டும் நோன்பு மாதச் சமையல் பட்டியல்

ரமலான் மாதச் சமையலுக்குப் பட்டியல் போடும்போது பல வீடுகளில் முதலில் எழுதுவது சமோசா, கட்லெட், ரோஸ்மில்க். என்னைக் கேட்டால் சஹரில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம் தாங்கப்போவது அந்தச் சாப்பாடுதான். ஒரு வாரத்துக்கு எழுதினால் போதும். அதையே மாதம் முழுக்கச் சுற்றலாம்.

ஐந்து பேர் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். திங்கள், வியாழன் சஹருக்குச் சோறு, பருப்பாணம், ஆளுக்கொரு அவித்த முட்டை. செவ்வாய், வெள்ளி சப்பாத்தியும் கொண்டைக்கடலைக் குருமாவும். புதன், சனி சோறும் கோழி ஆணமும். ஞாயிறு தயிர்ச்சோறு, கீரைக் கூட்டு, வாழைப்பழம். பருப்பும் முட்டையும் கடலையும் மெதுவாகச் செரிப்பதால் பசி தள்ளிப்போகும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றும் சஹரில் வேண்டாம். அந்த உப்பு லுஹருக்கு முன்பே நாக்கை வறட்டிவிடும்.

தராவீஹ் முடிந்து வந்ததும் ஆணம் வைத்துவிட்டால் விடியலில் சூடு காட்டினால் போதும். தேங்காய்ப்பால் ஊற்றியது மட்டும் கோடையில் வெளியே நிற்காது. ஆறியதும் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மேலே நுரை கட்டி, புளித்த வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். கொதிக்க வைத்தாலும் அது சரியாகாது.

நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு நோன்புக் கஞ்சி. பள்ளிவாசல் கஞ்சி கிடைக்காத ஊரில் இருந்தால் வீட்டிலேயே வைக்கலாம். ஒரு டம்ளர் பச்சரிசி நொய், கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒரு ஸ்பூன் வெந்தயம், பத்துப் பல் பூண்டு, நூறு கிராம் கொத்துக்கறி. இஞ்சி, வெங்காயம், தக்காளி, புதினாவோடு கறியை வதக்கி, எட்டு டம்ளர் தண்ணீர் விட்டு எல்லாம் குழைய வேக வேண்டும். தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வருமுன் இறக்குங்கள். முன்னாலேயே ஊற்றினால் திரிந்துபோகும்.

கஞ்சிக்கு எண்ணெய்ப் பலகாரம் வெள்ளியும் ஞாயிறும் போதும். மற்ற நாள் சுண்டலும் தர்பூசணியும். மக்ரிபுக்குப் பின் வயிறு முட்டச் சாப்பிட்டால் தராவீஹில் நிற்க முடியாது. இரவுக்கு இரண்டு இடியாப்பமோ தோசையோ போதுமானது. தண்ணீரையும் சஹர் கடைசியில் ஒரேயடியாகக் குடிக்காமல், நோன்பு திறந்ததிலிருந்து மணிக்கு ஒரு டம்ளராகக் குடியுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்க வேண்டும். நோன்பில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. கை நடுங்கி, வியர்த்து, அளவு 70க்குக் கீழே போனால் மக்ரிப் வரை காத்திருக்கக் கூடாது. உடனே சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட வேண்டும். விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம்.