பாட்டியின் மேசையில் கிருமிநாசினி பட்டுவிட்டதா? அந்தக் கறை மேசையின் கதையைச் சொல்லும்

வீட்டில் பழைய தேக்கு மேசை ஒன்று இருக்கிறது. யாரோ கிருமிநாசினிப் போத்தலை அழுத்தும்போது இரண்டு சொட்டு அதன்மேல் விழுந்துவிட்டது. துடைக்கப் போனால் விரல் ஒட்டுகிறது. மினுமினுப்பு போய், அந்த இடம் மட்டும் மங்கிவிட்டது.

"ஐயோ, பாட்டி மேசை கெட்டுப்போச்சே!" என்று பதறுவீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். பழைய அறைகலன்களை ஆராய்பவர்கள் வேண்டுமென்றே செய்யும் சோதனையைத்தான் நீங்கள் தெரியாமல் செய்திருக்கிறீர்கள். அந்த மேசையின் பூச்சு ஷெலாக் என்பது கிட்டத்தட்ட உறுதி.

ஷெலாக் என்றால் என்ன?

நமக்குத் தெரிந்த அரக்குதான். மகாபாரதத்தில் பாண்டவர்களுக்காகக் கட்டப்பட்ட அரக்கு மாளிகை நினைவிருக்கிறதா? அதே பொருள். இந்தியாவிலும் தாய்லந்திலும் சில மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது.

அதைச் சுத்தம் செய்து, ஸ்பிரிட் எனப்படும் ஆல்கஹாலில் கரைத்து, துணிப்பந்தால் மரத்தில் பல முறை மெல்லிசாகத் தேய்ப்பார்கள். அதற்குப் பெயர் பிரெஞ்சு பாலிஷ். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பரவிய முறை இது.

அப்படியென்றால் லேக்கர்?

கடைகளில் இன்று லேக்கர் என்று சொன்னால் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைக் குறிக்கும். 1920களில் கார்களுக்கு அடிக்கும் சாயமாகப் பிரபலமாகி, பிறகு அறைகலன்களுக்கும் வந்தது. துப்பாக்கி போன்ற கருவியால் தெளிப்பார்கள். சீக்கிரம் காய்ந்துவிடும். அதற்கும் பின்னால், இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு வந்தது பாலியூரித்தேன்.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். பெரனாக்கான் வீடுகளில் காணும் சிவப்பும் தங்கமுமான அறைகலன்களையும் ஆங்கிலத்தில் லேக்கர் என்றுதான் சொல்வார்கள். அது ஒரு மரத்தின் பாலிலிருந்து செய்யப்படும் மிகப் பழைய ஆசியப் பூச்சு. இந்தக் கட்டுரையில் வரும் லேக்கருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தங்கப் பூச்சு உள்ள அறைகலனில் கீழே சொல்லும் சோதனையைச் செய்யவே வேண்டாம்.

ஸ்பிரிட் பட்டால் ஏன் ஒட்டுகிறது?

ஷெலாக் காய்வது என்பது அதிலுள்ள ஆல்கஹால் ஆவியாகிப் போவதுதான். அதனால் எத்தனை ஆண்டு கழித்து ஆல்கஹால் பட்டாலும் அது மறுபடி இளகிவிடும்.

நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரும் ஆவியாகித்தான் காய்கிறது. ஆனால் அதைக் கரைக்க, சாயக் கடையில் விற்கும் லேக்கர் தின்னர் வேண்டும். வெறும் ஸ்பிரிட் போதாது.

பாலியூரித்தேன் வேறு மாதிரி. காயும்போது அதில் வேதிமாற்றமே நடந்துவிடுகிறது. பிறகு ஸ்பிரிட்டும் கரைக்காது, தின்னரும் கரைக்காது.

வீட்டில் எப்படிச் சோதிப்பது?

கண்ணில் படாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். மேசைக் காலின் பின்பக்கம் நல்ல இடம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் டர்பன்டைன் தொட்ட துணியால் அந்த இடத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். பல வருஷம் தேய்த்த மெழுகு மேலே இருந்தால் சோதனை பொய்த்துவிடும்.

பிறகு, பஞ்சுக்குச்சியை மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு சொட்டு வையுங்கள். ஒரு நிமிடம் கழித்துக் குச்சியால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டி, பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அது ஷெலாக்.

ஒன்றும் நடக்கவில்லையா? இன்னும் இரண்டு முறை முயன்று பாருங்கள். மிகப் பழைய ஷெலாக் இறுகிப்போய், இளகுவதற்கு நேரம் எடுக்கும்.

அப்போதும் இளகாவிட்டால், வேறோர் இடத்தில் தின்னரை வைத்துப் பாருங்கள். இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேன் போன்ற வேறு பூச்சாக இருக்கும்.

வரிசையை மாற்றிவிடாதீர்கள். தின்னர் ஷெலாக்கையும் இளக்கும். அதை முதலில் வைத்தால் எது எதுவென்று தெரியாமல் போய்விடும்.

சொட்டு வைக்கவே மனசு வரவில்லை என்றால் புற ஊதா விளக்கு உதவும். அறையை இருட்டாக்கி விளக்கை அடியுங்கள். பூச்சு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் ஷெலாக். ஆரஞ்சு தெரியவில்லை என்பதற்காக ஷெலாக் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வெளுத்த ஷெலாக் வேறு நிறத்தில் தெரியலாம்.

பூச்சை வைத்து வயதைச் சொல்ல முடியுமா?

ஓர் அலமாரியை எடுத்துக்கொள்வோம். "1900இல் செஞ்சது" என்கிறார் விற்பவர். கதவின் முன்பக்கத்தில் ஸ்பிரிட் வைத்தால் ஒன்றும் ஆகவில்லை. தின்னர் வைத்ததும் இளகுகிறது. ஆக, அது லேக்கர். 1900இல் அந்தப் பூச்சு அறைகலன்களில் கிடையாது.

அப்படியென்றால் அவர் பொய் சொல்கிறாரா? அவசரப்படாதீர்கள். லேக்கர் சொல்வது பூச்சின் வயதை. மரத்தின் வயதை அல்ல.

விற்பவரின் அனுமதியோடு கதவின் கீலைக் கழற்றி, அதன் அடியில் பாருங்கள். மறுபூச்சு அடிப்பவர்கள் பல நேரம் கீலைக் கழற்றாமலேயே வேலையை முடித்துவிடுவார்கள். அந்த இடத்தில் ஸ்பிரிட் பட்டு ஒட்டினால், அடியில் இருப்பது பழைய ஷெலாக். யாரோ பிற்காலத்தில் மேலே லேக்கர் அடித்திருக்கிறார்கள். அலமாரி 1900ஐச் சேர்ந்ததாக இருக்கலாம். ஆனால் நிரூபணமாகவில்லை. ஏனென்றால் ஷெலாக்கை 1950இலும் அடித்தார்கள், இன்றும் அடிக்கிறார்கள்.

கீலுக்கு அடியிலும் லேக்கர்தான் என்றால் சந்தேகம் கூடுகிறது. எல்லாவற்றையும் கழற்றிச் சுரண்டி மறுபடி பூசியிருக்கலாம். அல்லது அலமாரியே பிற்காலத்தில் செய்யப்பட்டிருக்கலாம். இப்போது கீலின் திருகாணிகளைப் பாருங்கள். தலையில் நேர்க்கோடு இல்லாமல் சிலுவைக் குறி இருந்தால், அவை 1930களுக்குப் பிறகு வந்தவை. திருகாணியை மட்டும் மாற்றியிருக்கவும் கூடும். அதனால் மரத்தில் பழைய துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். துளைகள் இல்லை, திருகாணி புதுசு, எங்கும் லேக்கர் என்றால் 1900க்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

சுருக்கமாக, பூச்சால் ஒரு கதையைப் பொய்யென்று காட்ட முடியும். உண்மையென்று தனியாக நிரூபிக்க முடியாது.

சரி, பாட்டி மேசையை என்ன செய்வது?

ஒட்டும்போது தேய்க்காதீர்கள், தேய்த்தால் கறை பரவும். ஓரிரு நாள் விட்டால் தானாக இறுகிவிடும். உப்புத்தாளை எடுக்கவே வேண்டாம். ஷெலாக்கில் ஒரு நன்மை உண்டு. புதிதாகத் தேய்க்கும் ஷெலாக் பழையதை இளக்கி அதனோடு ஒன்றாகச் சேர்ந்துவிடும். பிரெஞ்சு பாலிஷ் தெரிந்தவரால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியும்.

முழு மேசையையும் சுரண்டிப் புதுசாக்கித் தருவதாக யாராவது சொன்னால் யோசியுங்கள். பூச்சோடு, மேசையின் வயதைச் சொல்லும் தடயமும் போய்விடும்.