டிஸ்க் பழுதா, மின்சாரம் போதவில்லையா?

கையடக்க ஹார்டு டிஸ்க்கைக் கணினியில் செருகுகிறோம். விளக்கு எரிகிறது, உள்ளே 'டிக், டிக்' என்று சத்தம் கேட்கிறது, ஆனால் திரையில் டிஸ்க் வரவே இல்லை. சில சமயம் வந்துவிட்டு, பெரிய கோப்பை நகலெடுக்கும்போது பாதியில் மறைந்துவிடுகிறது. டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டுமுன், அதற்குப் போதுமான மின்சாரம் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வகை டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. தரவு போகும் யுஎஸ்பி ஒயரிலேயே மின்சாரமும் வருகிறது. உள்ளே இருக்கும் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். நின்றிருக்கும் தட்டை அந்த வேகத்துக்குக் கொண்டுவரும் முதல் சில விநாடிகளில் மோட்டார் 1 ஆம்பியர் வரைகூட இழுக்கும். வேகம் பிடித்தபின் தேவை வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 0.5 ஆம்பியர்தான், 3.0 துளை 0.9. பல கணினிகள் இதைவிடக் கூடுதலாகவே தருகின்றன. ஒரே டிஸ்க் நண்பர் வீட்டில் ஓடி, நம் வீட்டில் ஓடாமல் போவது இதனால்தான்.

லேப்டாப்பின் ஒரு 3.0 துளையில், அடாப்டர் இல்லாத சாதாரண ஹப்பைச் செருகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 0.9 ஆம்பியரை எல்லாக் கருவிகளும் பங்குபோட வேண்டும். மவுஸுக்கு 0.1, பென்டிரைவுக்கு 0.2 போனால் டிஸ்க்குக்கு மிஞ்சுவது 0.6. மோட்டார் அதற்குமேல் இழுத்ததும் வோல்ட் சரிகிறது, தட்டு நிற்கிறது, டிஸ்க் மறுபடி முயல்கிறது. அந்த 'டிக்' சத்தம் பல நேரம் இதுதான். மெல்லிய நீள ஒயரும் கெடுக்கும்: அதன் தடை போக வர 0.4 ஓம் என்றால், 1 ஆம்பியர் ஓடும்போது 5 வோல்ட் 4.6 ஆகிவிடும். அதனால் முதலில் ஹப்பை எடுத்துவிட்டு, குட்டையான ஒயரில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

அப்படியும் ஓடவில்லை என்றாலோ, துளைகள் போதவில்லை என்றாலோ, அடாப்டருடன் கூடிய ஹப் உதவும். இதில் கணினி தரவை மட்டும் பார்த்துக்கொள்ளும்; மின்சாரம் சுவரிலிருந்து வரும். வாங்கும்போது துளைகளின் எண்ணிக்கையைவிட அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரைத்தான் நான் பார்ப்பேன். 5 வோல்ட், 4 ஆம்பியர் அடாப்டர் இரண்டு டிஸ்க்குகளைத் தாராளமாகத் தாங்கும். 7 துளை ஹப்புக்கு 2 ஆம்பியர் போதாது. 5 வோல்ட் ஹப்பில் 12 வோல்ட் அடாப்டரை மாற்றிச் செருகினால் ஹப்போடு டிஸ்க்கும் கருகலாம்.

சும்மா கிடக்கும்போது மட்டும் டிஸ்க் துண்டிக்கப்பட்டால், காரணம் பெரும்பாலும் கணினியின் மின்சேமிப்பு அமைப்பு; அதற்கு ஹப் உதவாது. நல்ல ஹப், குட்டை ஒயர் இரண்டும் இருந்தும் 'டிக்' சத்தம் தொடர்ந்தால் உள்ளேதான் பழுது. திரும்பத் திரும்பச் செருகாமல், தரவு மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.